தினமும் நாலு வேலையுமா, நாளுக்கு ஒரு வேலையா? அக்கவுண்ட்ஸ் வேலை தேடுறவங்களுக்கு எந்த வாரப் பிளான் சரிப்படும்

காரைக்குடி பக்கம் பி.காம் முடிச்சுட்டு அக்கவுண்ட்ஸ் வேலை தேடுற பசங்க நிறைய. எங்க குடும்பத்துலயே ரெண்டு பேர், கோட்டையூர்ல சித்தப்பா மகன், தேவகோட்டைல அத்தை மகன். ரெண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே மாதிரி டேலி கோர்ஸ், ஆனா வாரத்த ஓட்டுற விதம் நேர் எதிர்.

கோட்டையூர்க்காரன் தினமும் நாலு வேலையும் கொஞ்சம் கொஞ்சமா பார்ப்பான், காலைல அப்ளிகேஷன், அப்புறம் ரெண்டு பேருக்கு போன், மதியம் டேலி, சாயங்காலம் ஃபாலோ-அப். தேவகோட்டைக்காரன் நாளுக்கு ஒண்ணுன்னு பிரிச்சு வச்சிருக்கான், திங்கள் செவ்வாய் அப்ளை, புதன் ஆளுங்கள பார்க்கறது, வியாழன் வெள்ளி பிராக்டிஸ், சனிக்கிழமை ஃபாலோ-அப்.

முதல்ல அப்ளிகேஷன். இதுல ரெண்டாவது பிளான்ல ஒரு நல்ல விஷயம் இருக்கு. ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புற ரெஸ்யூம் வேற, ஜவுளிக்கடைக்கு வேற, கானாடுகாத்தான் பக்கம் இருக்கற ஹெரிடேஜ் ஹோட்டலுக்கு வேற. ஆடிட்டர் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தெரியுமான்னு பார்ப்பாரு, கடைக்காரர் ஸ்டாக்கும் பில்லிங்கும் தெரியுமான்னு பார்ப்பாரு, ஹோட்டல்ல தினசரி கேஷ் கணக்க யாரு டேலி பண்ணுவாங்கன்னு கேப்பாங்க. ஒரே மூச்சுல உக்காந்தா மூணு ரெஸ்யூமையும் ஒழுங்கா பிரிச்சு எழுதிடலாம், தினமும் அரை மணி நேரம்னு எடுத்தா பழைய ரெஸ்யூமையே அப்படியே தட்டி விட்டுட்டு எந்திரிச்சிடுவோம். ஆனா புதன்கிழமை ஒரு நல்ல வேலை நௌக்ரில வந்துச்சுன்னா தேவகோட்டைக்காரன் அடுத்த திங்கள்தான் பார்ப்பான், அதுக்குள்ள அங்க நூத்துக்கணக்குல ஆளு அப்ளை பண்ணிருப்பாங்க, ரெக்ரூட்டர் மேல இருக்கற கொஞ்சத்த பார்த்துட்டு மூடிட்டும் போயிருப்பாரு. அதனால ரெஸ்யூம் எழுதறதுக்கு ஒரு நாள ஒதுக்குங்க, அனுப்பறது மட்டும் தினமும் காலைல கால் மணி நேரம், புதுசா வந்தத மட்டும் பார்த்து.

அடுத்தது ஃபாலோ-அப், ரெண்டு பேரும் கோட்ட விடுறது இங்கதான். ஃபாலோ-அப்ப கிழமைக்கு ஒதுக்கவே கூடாது, ஏன்னா ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனித் தேதி இருக்கு. சாதாரணமா அஞ்சு வேலை நாள் விட்டு ஒரு தடவ கேக்கலாம், இன்டர்வியூ முடிஞ்சிருந்தா மறுநாளே ஒரு சின்ன நன்றி மெயில். சனிக்கிழமை மட்டும்தான் கேப்பேன்னா வெள்ளிக்கிழமை அனுப்புனவரு கிட்ட மறுநாளே போய் நிப்பீங்க, செவ்வாய் அனுப்புனவர அஞ்சு நாள் ஆகறதுக்கு முன்னாடியே கேப்பீங்க, இல்லன்னா அடுத்த சனிக்கிழமை வரைக்கும் விட்டுடுவீங்க. கோட்டையூர்க்காரன் கதை வேற, தினமும் ஃபாலோ-அப் நேரம்னு வச்சிருக்கான் ஆனா யார கேக்கணும்னு எழுதி வைக்கல, அதனால ஞாபகத்துல இருக்கறவரையே திரும்பத் திரும்ப தொல்ல பண்றான்.

ஒரு ஷீட் போதும். ஏ-ல கம்பெனி, பி-ல வேலை, சி-ல அப்ளை பண்ண தேதி, டி-ல அடுத்து கேக்க வேண்டிய தேதி. நம்ம ஊர் ஆபீஸ் பாதி சனிக்கிழமையும் திறந்திருக்கும், அதனால ஞாயிறு மட்டும் லீவுன்னு எடுத்துக்கற ஃபார்முலா போடுங்க:

```
=WORKDAY.INTL(C2,5,11)
```

செவ்வாய் அப்ளை பண்ணா அடுத்த திங்கள் வரும். டி காலத்த தேதி வரிசைப்படி சார்ட் பண்ணி வச்சா தினமும் காலைல மேல ரெண்டு வரி பார்த்தா போதும். டி-ல போன வாரத் தேதி அப்படியே கிடக்குதுன்னா, பிளான் வேலை செய்யலன்னு அர்த்தம், ஷீட்ல எத்தன வரி இருந்தாலும்.

அந்தத் தேதி மாசத்துல எங்க விழுதுன்னும் பாருங்க. ஆடிட்டர் ஆபீஸ்ல டிடிஎஸ் கட்ட 7ஆம் தேதி, மாசா மாசம் ஃபைல் பண்றவங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1க்கு 11, 3பிக்கு 20. இந்தத் தேதிகளுக்கு முந்துன ரெண்டு நாள் போன் பண்ணீங்கன்னா "அப்புறம் பேசுப்பா"ன்னுதான் வரும், உங்க மேல கோவம் இல்ல, அங்க போர்ட்டல் சுத்திட்டு இருக்கும். 22, 23ல கூப்பிட்டா அதே ஆளு நிதானமா பேசுவாரு.

நெட்வொர்க்கிங்கும் அப்படித்தான், நம்ம காலண்டர் இல்ல, எதிராளி காலண்டர். புதன்கிழமைதான் ஆளப் பார்ப்பேன்னு வச்சா, வெளியூர்லேருந்து கல்யாணத்துக்கு வந்துட்டு ஞாயித்துக்கிழமை திரும்பற மாமா கிடைக்க மாட்டாரு. செட்டிநாட்டுல முகூர்த்த மாசத்துல சென்னை, கோயம்புத்தூர், மலேசியான்னு எல்லாரும் ஊருக்கு வர்றாங்க, ஆடி மார்கழில ஆளே இருக்காது. பந்தில வச்சு ரெஸ்யூம நீட்டாதீங்க, நம்பர் மட்டும் வாங்கிக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு இப்படி ஒரு மெசேஜ் போடுங்க: "அண்ணே, கோட்டையூர் கல்யாணத்துல பார்த்தேன், பி.காம் முடிச்சு டேலி, ஜிஎஸ்டிஆர்-2பி ரிகன்சிலியேஷன் பண்ணத் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்ச ஆடிட்டர் யாராவது ஆள் தேடுறாங்களான்னு கேட்டுச் சொல்றீங்களாண்ணே?" வேலை வாங்கிக் குடுங்கன்னு கேட்டா அவருக்குச் சங்கடம், விசாரிச்சுச் சொல்லுங்கன்னா சுலபமா சொல்லிடுவாரு.

பிராக்டிஸ் மட்டும் முழுக்க நம்ம கைல இருக்கு, அதனால இதுல கோட்டையூர்க்காரன் பக்கம்தான் நான், தினமும் ஒரு மணி நேரம். வாரத்துக்கு ரெண்டு நாள்னு வச்சா அந்த ரெண்டு நாள்ல ஒரு இன்டர்வியூ வந்தாலே பாதி போச்சு. ஆனா என்ன பழகணும்னு அவன் யோசிக்கல, வவுச்சர் என்ட்ரியே போட்டுட்டு இருக்கான், அது எல்லாருக்கும் தெரியும். பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பி-யையும் எக்ஸெல்ல ஒத்துப் பாக்கப் பழகுங்க. 2பி-ன்னா சப்ளையருங்க ஜிஎஸ்டில காட்டுன பில்லுங்களோட பட்டியல், போர்ட்டல்ல அடுத்த மாசம் 14ஆம் தேதி வரும், அதுல சப்ளையர் பில் நம்பர் INV-023ன்னு இருக்கும், நம்ம டேலில யாரோ 023ன்னு மட்டும் போட்டிருப்பாங்க, VLOOKUP போட்டா #N/A. பில்லு வரலன்னு நினைச்சு சப்ளையருக்கு போன் போடுறவன் புதுசு, ஜிஎஸ்டிஐஎன்னும் தொகையும் வச்சு ஒத்துப் பார்த்து இது ஒரே பில்லுன்னு கண்டுபிடிக்கறவன் வேலை தெரிஞ்சவன். இன்டர்வியூல இத ஒரு உதாரணத்தோட சொன்னா அதுக்கப்புறம் கேள்வியே மாறிடும்.

அப்ப எது? ரெண்டையும் அப்படியே எடுக்க வேண்டாம், அனுப்பறதும் பிராக்டிஸும் ஃபாலோ-அப்பும் தினமும், அதுலயும் ஃபாலோ-அப் டி காலம் சொல்ற ஆளுக்கு மட்டும். ரெஸ்யூம் எழுதறதுக்கு செவ்வாய் ஒரு அரை நாள், ஆளப் பாக்கறது மாசத்தோட 22க்கு அப்புறமும் கல்யாண வீட்டுலயும். ஏற்கெனவே வேலைல இருந்துக்கிட்டே தேடுறவங்களுக்கு மட்டும் தேவகோட்டைக்காரன் பிளானே பரவால்ல, அவங்களுக்கு தினமும் நேரம் கிடைக்காது.

சென்னைல இன்டர்வியூன்னா இன்னொரு கணக்கும் இருக்கு. காரைக்குடிலேருந்து விடியக்காலைல கிளம்பற பல்லவன் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆயிடும், காலைல பத்து மணி ஸ்லாட்டுன்னா முந்தின ராத்திரியே ரயிலோ பஸ்ஸோ ஏறணும், ரெண்டு நாள் பிளான் காலி. ஸ்லாட் கேக்கும்போதே "ஊர்லேருந்து வர்றேன் மேடம், மதியம் மூணு மணிக்கு மேல குடுக்க முடியுமா"ன்னு கேளுங்க, பெரும்பாலும் குடுத்துடுவாங்க.