அதிகத் தொகைக்குப் போட்ட இன்வாய்ஸைத் திருத்துதல்: வித்தியாசத்துக்கு மட்டும் கிரெடிட் நோட்டா, முழுவதையும் ரத்து செய்து புது இன்வாய்ஸா?

வாடிக்கையாளருக்கு அனுப்பிய இன்வாய்ஸில் தொகை கூடுதலாகப் போய்விட்டது என்று தெரிந்த பின், கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை அதிகம் அலசத் தேவையில்லை. அதே எண்ணில் திருத்திய இன்வாய்ஸை மறுபடி அனுப்பினால், ஒரே எண்ணுக்கு இரண்டு தொகைகள் உலவும்; எது செல்லும் என்று இரு தரப்பும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த இன்வாய்ஸில் கழித்துக்கொள்கிறோம் என்பது கேட்க எளிமையாக இருந்தாலும், அந்த அடுத்த இன்வாய்ஸ் வரும்வரை பழையது தவறாகவே நிற்கும். வாடிக்கையாளர் மறுபடி ஆர்டர் தராமல் போனால் கழிக்க இடமே இருக்காது. மீதமுள்ளவை இரண்டு: கூடுதலாகப் போட்ட வித்தியாசத்துக்கு மட்டும் கிரெடிட் நோட் கொடுப்பது, அல்லது இன்வாய்ஸின் முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் கொடுத்துவிட்டுச் சரியான தொகையில் புதிதாக ஒன்று போடுவது. நான் வேலை பார்க்கும் இடத்தில் இரண்டையும் செய்து பார்த்த பிறகு முதல் வழியையே வழக்கமாக்கிக்கொண்டோம். அதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் வழியாகச் சொல்வதுதான் எளிது.

மார்ச் 3 அன்று 1048 என்ற எண்ணில், 30 நாள் கெடுவுடன் ஓர் இன்வாய்ஸ் போகிறது. முதல் உருப்படி 120 அலகுகள். ஒப்புக்கொண்ட விலை அலகுக்கு 240. ஆனால் ஏப்ரலில் நடைமுறைக்கு வரவேண்டிய புதிய விலைப் பட்டியலை யாரோ முன்கூட்டியே மென்பொருளில் ஏற்றிவிட்டதால் 265 என்று விழுந்துவிட்டது. இரண்டாவது உருப்படி 6,000. அதில் பிழை இல்லை. வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்வாய்ஸின் மொத்தம் 41,580. சரியாக இருந்திருக்க வேண்டியது 38,280. வித்தியாசத்தில் விலை 3,000, அதன் மேலான வரி 300, ஆக 3,300. இதே வாடிக்கையாளரிடம் பிப்ரவரி மாதத்து 1031 என்ற இன்வாய்ஸில் 12,000 நிலுவை இருந்தது. அவர் மார்ச் நடுவில் 20,000 செலுத்துகிறார். 12,000 பழைய நிலுவைக்கும் மீதி 8,000 இன்வாய்ஸ் 1048-க்கும் போகின்றன. மார்ச் 20 தேதியிட்ட கணக்கு அறிக்கை, நிலுவை 33,580 என்று காட்டுகிறது. பிழை தெரிவது மார்ச் 27 அன்று.

முழுவதையும் ரத்து செய்யும் வழியில் 41,580-க்குக் கிரெடிட் நோட்டும், 38,280-க்கு 1063 என்ற புது இன்வாய்ஸும் போகும். தாளில் பார்க்க இது மிகச் சுத்தமானது. சரியான விலையுடன் ஒரு முழு ஆவணம் கையில் இருக்கும். ஆனால் மார்ச் 27 தேதியிட்ட புது இன்வாய்ஸின் கெடு ஏப்ரல் 26 ஆகிறது. பழையதன் கெடு ஏப்ரல் 2. புது இன்வாய்ஸிலும் பழைய கெடு தேதியையே கையால் எழுதாவிட்டால், 3,300-ஐத் திருத்தப் போன நாம் மீதித் தொகை முழுவதற்கும் 24 நாள் கூடுதல் தவணை கொடுத்தவர்களாகிறோம். வாடிக்கையாளர் பக்கத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் எழலாம். கொள்முதல் ஆணை, சரக்கு வந்த பதிவு, இன்வாய்ஸ் ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்தே பணம் விடுவிக்கும் நிறுவனமாக இருந்தால், அந்த 120 அலகுகளும் ஏற்கெனவே 1048-உடன் பொருந்தி முடிந்திருக்கும். கிரெடிட் நோட்டைப் பதியும் முன் 1063 அவர்கள் கைக்குப் போனால், ஆணையில் இல்லாத இன்னொரு 120 அலகுகளுக்குப் பணம் கேட்பதாக அவர்களுடைய மென்பொருள் அதை நிறுத்திவிடும்.

இவை எல்லாவற்றையும்விட என் முடிவைத் தீர்மானித்தது, ஏற்கெனவே வந்த பணம் எந்த இன்வாய்ஸில் நிற்கிறது என்ற கேள்விதான். 41,580-க்கான இன்வாய்ஸின் மேல் 8,000 வரவும் 41,580 கிரெடிட் நோட்டும் சேர்ந்தால் 8,000 மிகுந்து, எதனோடும் சேராமல் தொங்கும். அதை நம் பேரேட்டில் 1048-இலிருந்து பிரித்து 1063-இல் பொருத்த வேண்டும். வாடிக்கையாளரும் தம் பேரேட்டில் அதையே செய்ய வேண்டும். இருவரில் ஒருவர் செய்யாமல் விட்டாலும் மொத்த நிலுவை இரு பக்கமும் 30,280 என்றே காட்டும். ஆகவே பிழை உடனே கண்ணில் படாது. அவர்கள் பக்கத்தில் 1063-இன் நிலுவை முழு 38,280 ஆகவும், தனியே 8,000 முன்பணம் போலவும் நிற்கும். நம் பக்கத்தில் 1063-இன் நிலுவை 30,280. கெடு நாளில் அவர்கள் 38,280 அனுப்பலாம். அல்லது அந்த 8,000-ஐ வேறொரு இன்வாய்ஸுக்குக் கழித்துக்கொள்ளலாம். அதன்பின் ஒவ்வொரு மாத முடிவிலும் கணக்கை ஒப்பிடும் ஊழியர், மார்ச்சில் என்ன நடந்தது என்று பழைய மின்னஞ்சல்களைத் துழாவிக்கொண்டிருப்பார்.

வித்தியாசத்துக்கு மட்டும் கொடுக்கும் கிரெடிட் நோட்டில் இந்த வேலை எழுவதே இல்லை. இன்வாய்ஸ் 1048 இருந்த இடத்திலேயே இருக்கிறது, 8,000 அதன்மேல் பொருந்தியபடியே இருக்கிறது, கெடு ஏப்ரல் 2 மாறவில்லை. 3,300 மட்டும் புதிதாக வந்து அதே இன்வாய்ஸின் மேல் அமர்கிறது. அதன் நிலுவை 33,580-இலிருந்து 30,280 ஆகிறது. கிரெடிட் நோட்டில் இருக்க வேண்டியவையும் குறைவுதான்: அதன் சொந்த எண்ணும் தேதியும், எந்த இன்வாய்ஸைத் திருத்துகிறது என்ற குறிப்பு, போட்ட விலை 265, போட வேண்டிய விலை 240, அலகுகள் 120, வித்தியாசம் 3,000, அதற்கான வரி 300. தேதி, அதை வெளியிடும் நாளாகவே இருக்க வேண்டும். அதை முன்னுக்குத் தள்ளி இன்வாய்ஸின் தேதியையே போட்டால், வாடிக்கையாளர் மூடிவிட்ட மாதக் கணக்கைத் திறக்கச் சொல்வதாகிவிடும்.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பல மென்பொருள்களில் கிரெடிட் நோட் என்றால் சரக்கு திரும்பி வந்தது என்றே இயல்பாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. அதில் 120 அலகுகள், விலை 25 என்று பதிந்தால், திரும்பி வராத 120 அலகுகள் இருப்பில் ஏறிவிடும். இருப்பைத் தொடாமல் விலையை மட்டும் திருத்தும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது இல்லையென்றால், சரக்கு எண் இல்லாத தனி உருப்படியாக, அளவு 1, தொகை 3,000 என்று போட்டு, கணக்கீட்டை விவரப் பகுதியில் எழுதலாம். பதிந்தவுடன் இருப்பு எண்ணிக்கை மாறவில்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

திருத்திய கணக்கு அறிக்கையிலும் தேர்வு உண்டு. 1048-ஐ 38,280 என்று நிகரமாகக் காட்டலாம் என்பார்கள். நான் அதை ஏற்பதில்லை. வாடிக்கையாளரின் கோப்பில் உள்ள இன்வாய்ஸ் 41,580 என்றே சொல்கிறது, அறிக்கை வேறு சொன்னால் அதுவே புதுச் சந்தேகம். 1031-க்கு 12,000, 1048-க்கு 41,580, செலுத்தியது கழித்தல் 20,000, கிரெடிட் நோட் கழித்தல் 3,300, நிலுவை 30,280 என்று நடந்தது நடந்தபடி காட்டி, மேலே ‘மார்ச் 20 தேதியிட்ட அறிக்கைக்குப் பதிலாக’ என்று எழுதிவிட வேண்டும். அவர்கள் பதிவில் ஏதும் தவறினால் மாத முடிவில் வித்தியாசத் தொகையே காட்டிக்கொடுக்கும். வித்தியாசம் 300 என்றால் வரியை விட்டுவிட்டுப் பதிந்திருக்கிறார்கள். 6,600 என்றால் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள். 3,300 என்றால் பதியவே இல்லை, அல்லது இருமுறை கழித்திருக்கிறார்கள். இருமுறை கழிவதற்கு வழக்கமான காரணம், பிழையை முதலில் கண்டுபிடித்தவர்கள் தாங்களே டெபிட் நோட் ஒன்று போட்டிருப்பது. ஆகவே கிரெடிட் நோட் அனுப்பும் முன் அதைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

மன்னிப்பைக் கிரெடிட் நோட்டிலேயே ஒரு குறிப்பாக எழுதுவதா, தனிக் கடிதத்திலா என்றால், தனிக் கடிதமே சரி. கிரெடிட் நோட் பதிவுக்கான ஆவணம். அதைத் தணிக்கையாளர் பார்ப்பார். கடிதம் இவ்வளவில் முடியலாம்:

‘மதிப்பிற்குரிய ஐயா, மார்ச் 3 தேதியிட்ட எங்கள் இன்வாய்ஸ் 1048-இல் முதல் உருப்படிக்கு ஒப்புக்கொண்ட விலையான 240-க்குப் பதிலாக 265 என்று கணக்கிட்டுவிட்டோம். ஏப்ரல் மாத விலைப் பட்டியலை எங்கள் பிரிவில் முன்கூட்டியே பதிந்ததே இதற்குக் காரணம். தவறு எங்களுடையது, இதற்காக வருந்துகிறோம். கூடுதலாகக் கேட்ட 3,300-க்கான கிரெடிட் நோட்டையும் திருத்திய கணக்கு அறிக்கையையும் இணைத்துள்ளோம். தாங்கள் ஏப்ரல் 2-க்குள் செலுத்த வேண்டிய தொகை 30,280. மார்ச் மாதத்தில் தங்களுக்கு அனுப்பிய மற்ற இன்வாய்ஸ்களையும் சரிபார்த்துவிட்டோம். அவற்றில் இந்தப் பிழை இல்லை.’

கடைசி வாக்கியத்தை, உண்மையிலேயே சரிபார்த்த பிறகுதான் எழுத வேண்டும். விலைப் பட்டியல் தவறாக ஏறியிருந்தால் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர் ஒருவராக மட்டும் இருப்பது அரிது. ‘ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால்’ என்ற வழக்கமான சொற்றொடரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். அவர் கணக்கைச் சரிபார்க்க நேரம் செலவிட்டிருக்கிறார். அங்கே ‘இருந்தால்’ என்பது பொருந்தாது.

முழு ரத்தை நான் அடியோடு ஒதுக்கவில்லை. வாங்குபவரின் பெயரோ வரிப் பதிவு எண்ணோ தவறாக இருந்தால், நாணயம் மாறிப் போயிருந்தால், அல்லது உருப்படிகளில் பெரும்பாலானவை பிழையாக இருந்தால், வித்தியாசக் கணக்கு எவருக்கும் புரியாது. அப்போது ரத்து செய்து புதிதாகப் போடுவதே சரி. வாடிக்கையாளர் இன்வாய்ஸை இன்னும் பதியவில்லை, பணமும் வரவில்லை என்றால் இரண்டு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஒவ்வோர் இன்வாய்ஸையும் அரசுத் தளத்தில் மின்னணு முறையில் பதிய வேண்டிய இடங்களைப் பொறுத்தவரை என் அனுபவம் மெல்லியது. அங்கே வரி ஆலோசகரின் சொல்லுக்கே முதலிடம் கொடுப்பேன்.

1048-க்கு முழுத் தொகையும் வந்து முடிந்த பிறகு பிழை தெரிந்தால், கிரெடிட் நோட் அதேதான். ஆனால் அதைக் கழிக்க நிலுவை இல்லாததால் 3,300 வாடிக்கையாளரின் பெயரில் வரவாக நிற்கும். அதை அடுத்த இன்வாய்ஸில் சரிக்கட்டுவதா, வங்கிக்குத் திருப்பி அனுப்புவதா என்ற முடிவு அவருடையது. கடிதத்தில் தொகை கேட்கும் வாக்கியத்துக்குப் பதிலாக இந்தக் கேள்வியை எழுதி, அவர் விடை வரும்வரை அந்த வரவை வேறு எந்த இன்வாய்ஸோடும் பொருத்தாமல் வைத்திருக்கிறோம்.