பலகாரத்துக்குக் கோடு, பூக்கல்லுக்குத் தனி எண்

காரைக்குடியில் இரண்டு வியாபாரங்களின் விளம்பரக் கணக்கு என் தலையில் விழுந்திருக்கிறது. ஒன்று என் ஆச்சியுடையது. எங்கள் வீட்டு வழக்கில் அக்காளை ஆச்சி என்றுதான் அழைப்போம். தேன்குழல், சீப்புச் சீடை, மணகோலம் செய்து இணையக் கடை வழியாக வெளியூருக்கு அனுப்புகிறாள். இன்னொன்று ஆத்தங்குடியில் கல் பட்டறை வைத்திருக்கும் நண்பருடையது. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றி எடுக்கும் அந்தப் பூக்கல்தான். இருவரும் யூடியூப்காரர்களுக்குப் பணம் கொடுத்து வீடியோ போடுகிறார்கள். எந்த வீடியோ ஆளைக் கூட்டி வந்தது என்று இருவருமே என்னைத்தான் கேட்கிறார்கள்.

வழி இரண்டு. ஒவ்வொரு வீடியோவுக்கும் தனித் தள்ளுபடிக் கோடு கொடுக்கலாம், அதாவது வாங்கும்போது தட்டினால் விலை குறையும் ஒரு சொல்; அல்லது தனித் தொலைபேசி எண் கொடுக்கலாம். யோசனை பழையதுதான். நூறாண்டுக்கு முன் அமெரிக்கத் தபால் வணிகர்கள், பத்திரிகைக்கு ஒரு துறை எண்ணை முகவரியில் சேர்த்து அச்சிட்டார்கள். வந்த கடித உறையின் முகவரியைப் பார்த்தாலே எந்தப் பத்திரிகை வேலை செய்தது என்று தெரிந்துவிடும்.

கோட்டில் முதல் அடி எழுத்துக்கூட்டலில் விழுந்தது. ஆச்சி ஆசையாக `THENKUZHAL` என்று வைத்தாள். வீடியோக்காரர் வாயால் சொன்னார், திரையிலும் காட்டினார். கேட்டவர்கள் `THENKULAL`, `TENKUZAL` என்று அவரவர் காதுக்கு எட்டியபடி தட்டினார்கள். ழகரத்தை ஆங்கில எழுத்தில் எழுத நம்மிடம் ஒரே வழி இல்லையே! “கோடு வேலை செய்யவில்லை” என்று செய்திகள் குவிந்தன. இப்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுத வரும் ஊர்ப் பெயரைத்தான் வைக்கிறோம், `KOVAI10` மாதிரி. அதிலும் கடைசிச் சுழியம் எழுத்தாகத் தட்டப்படும் என்பதால் `KOVAI1O` என்பதையும் கடையில் பதிந்துவிட்டோம்.

அடுத்தது எண்ணிக்கை. ஆடி மாதம், திருமணம் இல்லாத மந்தமான காலம். அதற்கு முந்தைய நான்கு வாரமும் வாரத்துக்கு இருபது ஆர்டர்தான். 15,000 ரூபாய்க்கு ஒரு வீடியோ போட்டோம். அந்த வாரம் 85 ஆர்டர் வந்தது; 42 பேர் கோட்டைப் பயன்படுத்தினார்கள். சராசரி பில் 900 ரூபாய். சரக்கு, அட்டைப்பெட்டி, கூரியர் போக 270 மிஞ்சும்; பத்து சதவீதத் தள்ளுபடிக்குப் பிறகு 180. ஆக 42 பேருக்கு 7,560 ரூபாய். செலவழித்ததில் பாதிதான் வந்தது, இனி அந்த ஆள் வேண்டாம் என்றாள் ஆச்சி.

நான் பில்லில் இருந்த கைபேசி எண்களைப் பழைய பில்லோடு ஒப்பிட்டேன். அந்த 42 பேரில் 11 பேர் பழைய வாடிக்கையாளர்கள். தேவகோட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழு ஒன்றில் கோடு சுற்றியிருக்கிறது. எப்படியும் வாங்கியிருப்பவர்களுக்கு நாமே 990 ரூபாயைத் தானமாகக் கொடுத்திருக்கிறோம். மறுபக்கம், வழக்கமான இருபதைக் கழித்தால் கூடுதலாக வந்தவை 65. அதில் கோடு போட்டவர்கள் 31 பேர்தான். மீதி 34 பேர் வீடியோ பார்த்துவிட்டுக் கோட்டை மறந்து முழு விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து, தானத்தையும் கழித்தால் 13,770 வருகிறது. அந்தப் புதியவர்களில் எட்டுப் பேர் அடுத்த மாதம் மறுபடி வாங்கினார்கள். வீடியோ தன் காசை எடுத்துவிட்டது.

கோட்டறிக்கை ஒரே நேரத்தில் கூட்டியும் சொல்கிறது, குறைத்தும் சொல்கிறது. ஆனால் முந்தைய வாரங்களின் அளவு கையில் இருந்தால் இரண்டையும் திருத்திக்கொள்ளலாம். தீபாவளி நேரத்தில் இந்தக் கழித்தல் வேலைக்கு ஆகாது, விற்பனை தானாகவே ஏறும். இப்போது கோட்டை முதல் ஆர்டருக்கு மட்டும், ஆளுக்கு ஒருமுறை, முப்பது நாளுக்குள் என்று கட்டிவைத்திருக்கிறோம்.

ஆத்தங்குடிக் கதை வேறு. தரைக்குக் கல் போடுகிறவர் கோட்டைத் தட்டி வாங்கமாட்டார். ஆயிரம் சதுர அடிக்கு என்ன விலை, எந்த வண்ணம் வெளுக்கும், லாரி வாடகை யார் பொறுப்பு என்று ஆறு வாரம் பேசுவார். இங்கே எண்தான் சரி. தள்ளுபடி கொடுக்கவே வேண்டியதில்லை என்பது முதல் லாபம்.

ஆனால் நண்பர் ஒரு தவறு செய்தார். மூன்று வீடியோவுக்கு மூன்று சிம் வாங்கி, மூன்றையும் தன் கைபேசிக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டார். அழைப்பு வந்தபோது அழைத்தவரின் எண்தான் திரையில் தெரிந்தது. அவர் எந்த எண்ணுக்கு அழைத்தார் என்பது தெரியவில்லை. ஒரு மாதக் கணக்கு வீண். பிறகு இரண்டு சிம் போடும் பட்டன் போன் இரண்டு வாங்கினோம். எந்த சிம்மில் மணி அடிக்கிறது என்பதை அதுவே காட்டும். அழைப்பைப் பிரித்துப் பதிவு செய்து தரும் கட்டணச் சேவைகளும் உண்டு. பத்துப் பதினைந்து வீடியோ ஓட்டுகிறவர்களுக்கு அது சரிப்படும். ஒருவர் பெயரில் நாட்டின் பெரும்பகுதியில் ஒன்பது சிம்தான் வைத்துக்கொள்ள முடியும், ஆகவே வீடியோவுக்கு ஒரு சிம் என்பது அதற்குமேல் ஓடாது.

எண்ணில் பெரிய ஓட்டை, அழைத்தவரும் பணம் கட்டியவரும் ஒருவராக இல்லாததுதான். பெங்களூரிலிருந்து மகள் அழைப்பார். பள்ளத்தூரில் அப்பா வந்து கல்லைத் தட்டிப் பார்ப்பார். பில் கொத்தனார் எண்ணில் போகும். அழைப்புப் பட்டியலை மட்டும் பில்லோடு பொருத்தினால் மூன்றில் இரண்டு விட்டுப்போகிறது. இதற்கு நோட்டுதான் மருந்து. அழைப்பு வந்த அன்றே ஊர், சதுர அடி, எந்த போன் என மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். பில் போடும்போது “முதலில் உங்கள் வீட்டில் யார் எங்களுக்குப் பேசினார்கள்?” என்று கேட்டு, அந்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். “எந்த விளம்பரம் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. யார் பேசினார்கள் என்பது நினைவிருக்கும்.

எண்ணுக்கு ஆயுளும் ஒரு சிக்கல். கோட்டை முப்பது நாளில் மூடிவிடலாம். வீடியோ யூடியூபில் கிடக்கும்வரை எண் உயிரோடு இருந்தாக வேண்டும். பயன்பாடில்லாத சிம் மூன்று மாதத்துக்குப் பிறகு முடங்கலாம். பின்னால் அந்த எண் வேறொருவர் கைக்குப் போகும். உங்கள் வீடியோ அவருக்கு வாடிக்கையாளர்களை அனுப்பிக்கொண்டிருக்கும், அவரோ திட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டுக்கும் நடுவே வாட்ஸ்அப் இணைப்பு ஒன்று உண்டு. எண் ஒன்றே, வீடியோவுக்கு வீடியோ முதல் செய்தி மட்டும் மாறும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KOVAI
```

தொட்டால் `KOVAI` என்று தயாராக வந்து நிற்கும், அனுப்பினால் போதும். யூடியூப் விவரப் பகுதியில் நன்றாக ஓடுகிறது. இன்ஸ்டாகிராம் ரீலின் கீழே எழுதினால் அது வெறும் எழுத்து, தொட முடியாது. சிலர் அந்தச் சொல்லை அழித்துவிட்டு “வணக்கம்” என்று அனுப்புகிறார்கள். மரியாதைக்காரர்கள், கணக்குக்குத்தான் கேடு.

ஆச்சிக்குக் கோடு, நண்பருக்கு எண் என்று முடிவாகிவிட்டது. சிறிய பில், உடனே வாங்குகிற ஆள் என்றால் கோடு. பெரிய பில், பேசிப் பேசி வாங்குகிற ஆள் என்றால் எண். ஆனாலும் வீடியோ பார்த்துவிட்டு, கூகுள் மேப்பில் பட்டறையைத் தேடி, அங்கிருக்கும் பழைய எண்ணுக்கு அழைக்கிறவர் இரண்டிலும் சிக்குவதில்லை. அதனால் மேப் எண்ணுக்கு வரும் அழைப்புகளையும் வாரவாரம் தனியாக எண்ணச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் புது வீடியோ வந்த மறுநாளே அந்த எண்ணிலும் மணி கூடுதலாக அடித்தது.