திருப்பிப் பார்ப்பதா, எடுத்துக்காட்டு வாக்கியத்தில் சோதிப்பதா?

ஆங்கிலம்–இத்தாலியன் அகராதியில் ஒரு பொருளைத் தேர்ந்த பிறகு, அது சரிதானா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. இத்தாலியச் சொல்லை மறுபகுதியில் தேடித் திருப்பிப் பார்க்கலாம்; அல்லது அந்தச் சொல் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படிக்கலாம்.

பெயர்ச்சொற்களுக்குப் பெரும்பாலும் முதல் வழியே போதும். ‘கீ’ என்பதற்கு ‘கியாவே’, ‘தாஸ்தோ’ இரண்டும் இருக்கும். திருப்பிப் பார்த்தால் முதலாவது பூட்டின் சாவி, இரண்டாவது விசைப்பலகையின் விசை என்று உடனே தெளிந்துவிடும்.

வினைச்சொல்லில் இந்த வழி ஏமாற்றும். ‘எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன்’ என்று எழுத ‘லீவ்’ பதிவைத் திறந்தால் ‘லாஷாரே’, ‘பார்த்தீரே’, ‘உஷீரே’ மூன்றும் கிடைக்கும். ‘லாஷாரே’யைத் திருப்பினால் ‘லீவ்’ என்றே வரும். சோதனை தேறியதுபோலத் தோன்றும். ஆனால் அதன் எடுத்துக்காட்டுகளில் பொருளை ஓரிடத்தில் விட்டுவைப்பதும் ஆளைப் பிரிவதும்தான் அதிகம். வீட்டோடு சேர்த்தால் ஒரேயடியாக வெளியேறிய தொனி வந்துவிடும். ‘பார்த்தீரே’ பயணம் புறப்படுவது; அது செயப்படுபொருள் ஏற்காது. அன்றாடம் வீட்டிலிருந்து வெளியே போவதற்கு ‘உஷீரே’தான்: ‘சோனோ உஷீத்தோ தி காசா அல்லே ஓத்தோ.’

இந்த ஒரே வாக்கியம் ‘தி’ என்ற முன்னிடைச்சொல்லையும், துணைவினை ‘அவேரே’ அல்ல ‘எஸ்ஸெரே’ என்பதையும் காட்டிவிடுகிறது. அதனால் சொல்பவர் பெண்ணானால் ‘உஷீத்தா’ ஆகும். திருப்பிப் பார்ப்பதில் இவை எதுவும் தெரியாது.

எடுத்துக்காட்டைத் தேர்வதிலும் கவனம் வேண்டும்: எழுவாயும் செயப்படுபொருளும் உங்கள் வாக்கியத்தின் வகையாகவே இருக்க வேண்டும். ஆள் வரும் வாக்கியம் வீட்டுக்குச் சாட்சியாகாது.