ட்ரெண்டிங் பாட்டா, இலவச இசையா? கடை வீடியோவுக்கு எது நிலைக்கும்

சுங்குடிச் சேலைக் கடைக்கு வாரம் சில ஷார்ட்ஸும் ரீல்ஸும் போடுகிறோம். ட்ரெண்டிங் பாட்டு, இலவச இசை இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இப்போது இலவச இசைப் பக்கம் வந்துவிட்டோம்.

பாட்டு போட்டால் பார்வை கூடும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எடிட்டிங் செயலியிலேயே சினிமாப் பாட்டைச் சேர்த்து ஏற்றுவது இந்தப் போட்டியிலேயே இல்லை. முப்பது விநாடிக்குள் இருந்தால் பரவாயில்லை, இசையமைப்பாளர் பெயரைப் போட்டால் போதும் என்று சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். அப்படி எந்த விலக்கும் கிடையாது.

பலர் குழம்புவது க்ளெய்முக்கும் ஸ்ட்ரைக்குக்கும் உள்ள வித்தியாசத்தில்தான். யூடியூபில் கன்டென்ட் ஐடி தானாகவே பாட்டைக் கண்டுபிடித்துப் போடுவது க்ளெய்ம். அது அந்த ஒரு வீடியோவோடு நிற்கும்: வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படலாம், சேனலுக்குக் கெட்ட பெயர் இல்லை. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளரே முறைப்படி நீக்கக் கோரி, வீடியோ எடுக்கப்படும்போது வருவது. காப்புரிமைப் பாடத்தை முடித்தால் 90 நாளில் அது காலாவதியாகும். அதற்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். ஸ்ட்ரைக் வந்தபின் வீடியோவை நாமே அழித்தாலும் ஸ்ட்ரைக் அழியாது.

ஒரு உதாரணம். 75 விநாடி ஷார்ட்ஸில் 20 விநாடிக்கு ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது, க்ளெய்ம் விழுகிறது. ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸுக்கு க்ளெய்ம் இருந்தால் அதை உலகம் முழுக்க முடக்கிவிடுவார்கள். ஸ்ட்ரைக் இல்லைதான், ஆனால் யாரும் பார்க்கவும் முடியாது. யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் Restrictions பகுதிக்குப் போய் Take action அழுத்தினால், Trim out segment, Replace song, Mute song என்று வழிகள் இருக்கும். பாட்டை மட்டும் மௌனமாக்கும் வசதி பேச்சைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆனால் பாட்டும் குரலும் கலந்து கிடந்தால் பிரித்தெடுப்பது சரியாக அமையாமல் போகலாம். விலை சொல்லும் வரி போய்விட்டால் அந்த வீடியோ எதற்கு?

யூடியூப், இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே இருக்கும் பாட்டை எடுத்தால் க்ளெய்ம் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் ஷார்ட்ஸ் நூலகப் பாட்டுகளைத் தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான் தருகிறார்கள். இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்குப் பிரபலப் பாட்டுப் பட்டியல் சுருங்கிப்போவதும் இதே காரணத்தால்தான். கடைக்காரர் சேலை விற்கப் போடும் வீடியோ எந்தக் கணக்கில் இருந்தாலும் வணிகம்தான்.

என்னை முடிவெடுக்க வைத்தது பழைய வீடியோக்களின் கதி. செயலிக்குள் இருக்கும் பாட்டு, அந்தத் தளத்துக்கும் இசை நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் இருக்கும்வரைதான் நமக்கு. யுனிவர்சல் மியூசிக்கும் டிக்டாக்கும் போட்டிருந்த ஒப்பந்தம் 2024 ஜனவரி இறுதியில் முடிந்தது. அந்த நிறுவனத்தின் பாட்டு இருந்த வீடியோக்கள், எப்போதோ ஏற்றியவைகூட, ஊமையாகின. மே மாதம் புது ஒப்பந்தம் போட்ட பிறகுதான் பாட்டுகள் திரும்பின. வீடியோ போட்டவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. துணிக்கடைக்கு இது பெரிய அடி, ஏனென்றால் வாடிக்கையாளர் போன பொங்கலுக்குப் போட்ட வீடியோவைத் தேடிப் பிடித்துத்தான் "இந்தக் கலர் இருக்கா அண்ணா" என்று கேட்கிறார்.

அதனால் ஒவ்வொரு வீடியோவையும் முதலில் இசையே சேர்க்காமல், பேச்சும் இயற்கைச் சத்தமும் மட்டும் வைத்து ஒரு மூலப் பிரதியாகச் சேமிக்கிறோம். அதிலிருந்து யூடியூபுக்கு ஸ்டூடியோவின் ஆடியோ லைப்ரரி இசையோடு ஒன்று, இன்ஸ்டாகிராமுக்கு மெட்டா சவுண்ட் கலெக்‌ஷன் இசையோடு ஒன்று. ஆடியோ லைப்ரரியில் சில இசைக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் குறி இருக்கும். அதற்குப் படைத்தவர் பெயரை விவரப் பகுதியில் கட்டாயம் போட வேண்டும். நாளைக்கு எதுவும் சிக்கினாலும் மூலப் பிரதி கையில் இருப்பதால் வேறு இசை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த இசையில் நம்ம ஊர் வாடை குறைவு, அது உண்மையான குறைதான். சாயம் போட்டுக் காய்ந்த துணியை இரண்டு பேர் பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று தெறிக்கிற சத்தத்தை மைக்கில் நெருக்கமாகப் பிடித்து, இசையைத் தாழ்த்தி வைத்தபோது அந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. காசு கட்டி ஓட்டும் விளம்பரங்களில் எங்களுக்கு அனுபவம் குறைவு, அதனால் அங்கே பாட்டு இல்லாமல் எவ்வளவு எடுபடும் என்று அழுத்திச் சொல்லமாட்டேன்.

வெளித் தளங்களில் "ராயல்டி ஃப்ரீ" என்று இறக்கும் இசையில் மட்டும் கவனமாக இருங்கள். அதற்கும் க்ளெய்ம் வரலாம். இறக்கிய நாளிலேயே உரிமப் பக்கத்தைப் படமெடுத்து வீடியோ கோப்போடு சேர்த்து வைத்தால், மறுப்பு அனுப்பும்போது காட்ட ஆதாரம் இருக்கும். உரிமையாளர் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். அதற்குள் பதில் வராவிட்டால் க்ளெய்ம் தானாகவே விலகிவிடும்.