கண் சிமிட்டும் முகம், ஆடும் பின்னல்: லைவ்2டி கியூபிசம் நீண்ட நாள் அனுபவம்

கிருத்தா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்த முகங்களை, தட்டைப் படத்துக்கு அசைவு கொடுக்கும் லைவ்2டி கியூபிசம் மென்பொருளில் அசைய வைத்து, திரும்பத் திரும்ப ஓடும் சின்ன லூப்பாக்குவதை இரண்டு வருடத்துக்கும் மேலாகச் செய்து வருகிறேன். இலவசப் பதிப்புதான். அதில் ஒரு மாடலுக்கு, படத்துண்டை வளைக்கும் புள்ளி வலையான மெஷ் 100, அசைவை ஏற்றி இறக்கும் அளவான பாராமீட்டர் 30 என்று வரம்பு இருக்கிறது, ஆனால் தோள் வரைக்கும் உள்ள ஒரு முகத்துக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. விண்டோஸ், மேக் இரண்டில் மட்டும் ஓடும், லினக்ஸ்காரர்களுக்கு வழியில்லை.

இந்த மென்பொருள் ஜப்பானில் பிறந்தது. அங்குள்ள அனிமே முகங்களுக்கு நெற்றியில் கத்தை கத்தையாக முடி தொங்கும், அதை ஆட்டினாலே படம் உயிர் பெற்றுவிடும். நான் வரைவதோ பெரும்பாலும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோள் மேல் முன்னால் விழும் ஒற்றைப் பின்னல், அதில் மல்லிகைச் சரம், காதில் ஜிமிக்கி. படிய வாரிய முடியை ஆட்டினால் டோப்பா கழன்று வருகிற மாதிரி இருக்கும். அதனால் உச்சந்தலையை அப்படியே விட்டுவிட்டு, காதோரம் பிரிந்து நிற்கும் இரண்டு மூன்று இழைகள், பின்னலின் கீழ்ப்பாதி, ஜிமிக்கி, இவற்றை மட்டும்தான் அசைக்கிறேன். பின்னலுக்கு, உள்ளே இருப்பதை நெளிக்கும் வார்ப் டிஃபார்மர் போட்டு வளைக்கலாம். ஜிமிக்கிக்கு அது ஆகாது, உலோகம் ரப்பர் மாதிரி நெளியும், அதற்கு வடிவம் மாறாமல் சுழற்றும் ரொட்டேஷன் டிஃபார்மர்தான். பூச்சரத்தைப் பின்னலின் டிஃபார்மருக்கு உள்ளேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் ஒரு பக்கம் போக பூ அந்தரத்தில் நிற்கும்.

லேயர் பிரிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும். பின்னல் நகர்ந்தால் அதன் பின்னால் கழுத்தும் ரவிக்கையும் தெரியுமே, அந்த மறைவான இடங்களையும் முழுதாக வரைந்து வைக்க வேண்டும். கிருத்தாவிலிருந்து, கியூபிசம் படிக்கும் PSD கோப்பாகச் சேமிக்கும் முன் லேயர் எஃபெக்ட், மாஸ்க் எல்லாவற்றையும் அந்தந்த லேயரோடு இணைத்துவிடுங்கள். கோடும் வண்ணமும் ஒரே லேயரில் இருப்பது நல்லது.

சரி, கண்ணுக்கு வருவோம். வெள்ளை விழி, கருவிழி, மேல் இமைக் கோடு, கீழ் இமைக் கோடு, இமை மடிப்பு என்று தனித்தனி லேயர். கருவிழி வெள்ளை விழிக்கு வெளியே தெரியாதபடி கிளிப்பிங் செய்துவிட்டால் இமை இறங்கும்போது அது நசுங்காமல் மறைந்துகொண்டே போகும். நசுங்கினால் கண் சிமிட்டுவது போலவே இருக்காது. `ParamEyeLOpen` என்ற பாராமீட்டரில் 1 என்றால் திறந்த கண், 0 என்றால் மூடிய கண். இந்த இரண்டு நிலையை மட்டும் அமைத்துவிட்டு ஓட்டினால் மேல் இமைக் கோடு நடுவழியில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடாகிவிடும். ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் நேர்வழியில்தான் இறங்குகிறது, மேலே வளைந்த கோடு கீழே வளைந்த கோடாக மாற நடுவில் தட்டையாகித்தானே ஆக வேண்டும். 0.5இல் இன்னொரு கீ, அதாவது வடிவத்தைப் பதிந்து வைக்கும் நிலை, வைத்து அங்கே கையால் வளைவைத் திருத்த வேண்டும்.

இன்னொரு தொல்லை, கண் மூடிய பிறகும் இமைக்குக் கீழே மயிரிழை அளவு வெள்ளை எட்டிப் பார்ப்பது. திரையில் முழுப் படமாகப் பார்த்தால் தெரியாது, கண்ணை 400 சதவீதம் பெரிதாக்கினால் பல்லைக் காட்டும். 0 நிலையில் வெள்ளை விழியின் மெஷை இமைக் கோட்டின் தடிமனை விடச் சிறிதாகச் சுருக்கி அதன் அடியில் ஒளித்துவிட்டால் தீர்ந்தது. மை தீட்டிய கண்ணாக வரைந்தால் கோடு தடியாக இருப்பதால் இந்த வேலை எளிது.

சிமிட்டும் வேகத்தில் பலரும் மூடுவதற்கும் திறப்பதற்கும் ஒரே நேரம் கொடுக்கிறார்கள், அது தூக்கக் கலக்கம் போல இருக்கும். விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் நான் மூட 2 அல்லது 3 ஃபிரேம், மூடியபடி 1, திறக்க 4 அல்லது 5 கொடுக்கிறேன். புருவத்தையும் மிக லேசாக இறக்குவேன், யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் இல்லாவிட்டால் கண் மட்டும் பொம்மைக் கண்ணாகிவிடும்.

லூப்பின் நீளம் எனக்கு 8 விநாடி, அதாவது 200 ஃபிரேம். நிமிடத்துக்குப் பதினைந்து முறை சிமிட்டுவது இயல்பு என்று வைத்தால் 8 விநாடிக்கு இரண்டு முறை வரும். அவற்றைச் சம இடைவெளியில் வைத்தால் பார்க்கிறவருக்கு 4 விநாடி லூப்தான், டிக் டிக் என்று அடிக்கும். 50ஆம் ஃபிரேமிலும் 170ஆம் ஃபிரேமிலும் வைத்தால் இடைவெளி ஒரு முறை 4.8 விநாடி, அடுத்த முறை 3.2 விநாடி. இந்தச் சின்ன ஒழுங்கின்மையே போதும். ஒரு சுற்று அசைவுக்கு மூச்சு 4 விநாடி, பின்னல் 8, ஜிமிக்கி 2. எதுவானாலும் 8ஐ மீதியில்லாமல் வகுக்க வேண்டும், இல்லாவிட்டால் முடிவும் தொடக்கமும் சேராது.

முடி அசைவில் முக்கியமானது தாமதம். பின்னலை மேல், நடு, நுனி என மூன்று டிஃபார்மராக்கி, மேற்பகுதி அசைந்த பிறகு நடுப்பகுதி 8 ஃபிரேம் கழித்தும், நுனி 16 ஃபிரேம் கழித்தும் அதே அசைவைச் செய்ய வேண்டும். ஆனால் கீகளை இப்படித் தள்ளி வைத்தால் முதல் 16 ஃபிரேமில் நுனி சும்மா நிற்கும், கடைசியில் அசைவு பாதியில் அறுபடும். ஆட்டத்தைத் தானே கணக்கிடும் ஃபிசிக்ஸ் அமைப்பை நம்பினாலும் இதே கதைதான், ஊசல் ஓய்வு நிலையிலிருந்து கிளம்பி சீரான ஆட்டத்துக்கு வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து: 200 ஃபிரேம் சுழற்சியை டைம்லைனில் அடுத்தடுத்து மூன்று முறை ஒட்டி, 600 ஃபிரேமையும் PNG வரிசையாக எடுத்து, நடுச் சுற்றை மட்டும் ffmpeg என்ற கட்டளைவரிக் கருவியால் வெட்டி GIF ஆக்குவது.

```
ffmpeg -framerate 25 -start_number 200 -i mugam_%05d.png -frames:v 200 -vf "split[a][b];[a]palettegen[p];[b][p]paletteuse" -loop 0 mugam.gif
```

இங்கே எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது என்று வைத்திருக்கிறேன். `-frames:v` பக்கத்தில் உள்ள 200ஐ 201 ஆக்கினால் தொடக்க ஃபிரேம் இரண்டு முறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன இடறல் தட்டும். இணைப்பு சரியா என்று பார்க்க 200ஆம் படத்தையும் 400ஆம் படத்தையும் கிருத்தாவில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து மேலே உள்ளதை, வேறுபாட்டை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் முறைக்கு மாற்றுங்கள். முழுக்கக் கருப்பாக இருந்தால் சரி, நுனியில் மட்டும் கோடு கோடாகத் தெரிந்தால் அந்தத் துண்டின் சுழற்சி பொருந்தவில்லை. வெட்டும் இடத்தில் கண் திறந்திருக்கட்டும், நிறைய இடங்களில் முதல் ஃபிரேம்தான் முன்னோட்டப் படமாக வரும்.

25 ஃபிரேம் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கும் காரணம் GIFதான். அதில் ஃபிரேமின் நேரம் நூறில் ஒரு விநாடிக் கணக்கில் முழு எண்ணாக இருக்க வேண்டும். 25க்கு சரியாக 4 வரும், 24க்கும் 30க்கும் வராது. நிறமும் 256தான். தட்டையான வண்ணத்தில் வரைந்த முகம் இதில் தப்பிக்கும், கன்னத்தில் மெல்ல மங்கும் நிழல் இருந்தால் பட்டை பட்டையாகிவிடும். அப்படிப்பட்ட படத்தை நான் MP4 ஆகத்தான் கொடுக்கிறேன்.

நீர்வண்ணத் தாள் சொரசொரப்பு உள்ள ஓவியங்களுக்கு இந்த முறை எனக்குப் பிடிக்கவில்லை, மெஷ் இழுபடும்போது தாளே இழுபடுவது தெரிகிறது. தலையை நன்றாகத் திருப்புவதும் வேறு உலகம், அதற்கு மூக்கு, காது எல்லாவற்றையும் கோணம் கோணமாக அமைக்க வேண்டும். டெலிகிராம் வீடியோ ஸ்டிக்கர் கேட்பவர்களுக்கு 8 விநாடி லூப் செல்லாது, அங்கே 3 விநாடிதான் உச்சவரம்பு. அதற்குத் தனியாக 75 ஃபிரேமில், ஒரே ஒரு சிமிட்டலோடு, பின்னலும் மூச்சும் ஜிமிக்கியும் 3 விநாடிக்கு ஒரு சுற்று என்று மாற்றி எடுக்கிறேன்.