லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இந்த ஒரு பக்கத்தை எழுதி ஒட்டிவிடுங்கள்

ட்யூஷன் சென்டர் நடத்துபவர்கள் கவனத்துக்கு. எங்கள் சென்டர் லேப்டாப் ஒருநாள் விண்டோஸுக்குள் போகாமல் நின்றுவிட்டது. ஃபீஸ் கணக்கு, பெற்றோர் போன் நம்பர்கள், டெஸ்ட் மார்க் எல்லாம் அதில்தான். "உள்ளே இருக்கும் ஃபைல்தான் முக்கியம்" என்று சர்வீஸ் கடையில் சொல்லித்தான் கொடுத்தோம். மறுநாள் போனால், ஃபார்மட் செய்து புது விண்டோஸ் போட்டு வைத்திருக்கிறார்கள்! டெஸ்க்டாப்பில் வைத்திருந்ததெல்லாம் C டிரைவோடு போய்விட்டது.

அப்புறம் ரெக்கவரிக்கு என்று தனியாக 3,000 ரூபாய் வாங்கினார்கள். அந்த மென்பொருளை அதே டிரைவில் நிறுவி, மீட்ட ஃபைல்களையும் அதிலேயே சேமித்திருக்கிறார்கள். அழிந்த ஃபைல் இருந்த இடத்தைக் கணினி காலி இடமாகத்தான் பார்க்கும். அங்கே புதிதாக எதையாவது எழுதினால் பழையது திரும்பாது. கிடைத்த எக்செல் ஃபைல்களில் பெரும்பாலானவை திறக்கவே இல்லை. பணத்தைக் கேட்டால், "முயற்சி பண்ணதுக்குத்தான் சார்ஜ்" என்கிறார்கள்.

இப்போது எங்கள் சுவரில் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறோம். முதல் வரி: உடனே பவரை அணை, திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதே. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் வந்தால் இது இன்னும் முக்கியம், ஒவ்வொரு ஓட்டத்திலும் உள்ளே சுழலும் தட்டில் கீறல் விழலாம். இரண்டாவது: கடைக்குப் போனால் ஜாப் ஷீட்டில் "ஃபார்மட் கூடாது, முதலில் டிஸ்க்கைக் கழற்றி வேறு டிஸ்க்கில் காப்பி எடுக்க வேண்டும்" என்று எழுதி வாங்கு. வாய்ப்பேச்சு போதாது. டிஸ்க்கை மாற்றினால் பழையதைத் திருப்பிக் கேள், அதில் பிள்ளைகளின் விவரம் இருக்கிறது.

மூன்றாவது, கணக்கைத் திரும்ப எழுதும் வழி. ஃபீஸ் ரசீது புத்தகத்தின் கார்பன் காப்பி, வங்கி ஸ்டேட்மெண்ட், யுபிஐ ஹிஸ்டரி மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே யார் கட்டினார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் மீண்டது. மார்க்கை விடைத்தாள்களிலிருந்து எடுத்தோம். கூகுள் டிரைவில் அழிந்தது என்றால் 30 நாளுக்குள் குப்பைத்தொட்டியில் தேட வேண்டும்.

கீழே தொடர்புகள், கட்டாயம் காகிதத்தில்: சென்டர் பொறுப்பாளர், கணக்கு பார்ப்பவர், பெற்றோர் எல்லோருடைய எண்கள். கூடவே ஒரு டேட்டா ரெக்கவரி லேபின் எண்ணும் வேண்டும். அது சர்வீஸ் கடை இல்லை, வேறு வேலை. டேட்டா கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்று இப்போதே கேட்டு எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். நம்பர்கள் கசிந்து, சென்டர் பெயரில் யாராவது ஃபீஸ் கேட்டுப் பணம் பறித்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. கடைக்காரர் மீது புகார் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பில்லும் ஜாப் ஷீட்டும் கையில் இருக்க வேண்டும்.