டையோடு வளைவா, டிரான்சிஸ்டர் வளைவா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் படிக்க வரும் பிள்ளைகள், தேர்வில் வரும் 'அல்லது' கேள்வியில் இந்த இரண்டு வளைவுகளில் எதை எடுப்பது என்று கேட்பார்கள். டையோடு வரைய ஒரே கோடு போதும், ஆனால் மதிப்பெண் போவதும் அங்கேதான். சிலிக்கான் என்றால் 0.7 V பக்கம் வரும்வரை கோடு தரையோடு ஒட்டியே போய், அப்புறம் செங்குத்தாக ஏற வேண்டும். பின்னோக்குப் பக்கத்துக்கு mA அளவுகோல் உதவாது, µA என்று தனியாக எழுதுங்கள்.

கணக்கும் சின்னது: 5 V, 1 kΩ என்றால் (5 − 0.7)/1 kΩ = 4.3 mA.

டிரான்சிஸ்டரின் வெளியீட்டு வளைவு ஒரு குடும்பம், ஒவ்வொரு பேஸ் மின்னோட்டத்துக்கும் ஒரு கோடு. அதே 5 V-ஐ 100 kΩ வழியாக பேஸுக்குக் கொடுத்தால், இங்கும் 0.7 V கழித்து, 43 µA. மின்னோட்டப் பெருக்கம் β 100 என்றால் கலெக்டரில் 4.3 mA. 10 V சப்ளை, 1 kΩ சுமை, ஆக கலெக்டர்-எமிட்டர் மின்னழுத்தம் VCE = 10 − 4.3 = 5.7 V, கோடு படுத்திருக்கும் ஆக்டிவ் பகுதி. பேஸில் 22 kΩ போட்டால் கணக்கு 19.5 mA என்று சொல்லும், ஆனால் அந்தச் சுமையில் 10 mA-க்கு மேல் போகவே முடியாது, அதாவது சாச்சுரேஷன். இந்தச் சோதனையைச் செய்யாமல் விடைத்தாளில் VCE = −9.5 V என்று எழுதிவிடுகிறார்கள்.

நேரம் இருந்தால் நான் டிரான்சிஸ்டரைத்தான் எடுப்பேன். பத்து நிமிடம்தான் மிச்சம் என்றால் டையோடு.